தெத்துப்பல் எந்தப் பக்கம்

எங்கள் ஸ்டூடியோவில் டச்சப் அக்காவைப் பற்றி யார் கேட்டாலும் முதலில் சொல்வது, "மூஞ்சியைப் பாத்துப் பேச மாட்டாங்க" என்பதுதான். அது பொய். அக்கா மூஞ்சியை மட்டும்தான் பார்ப்பார். நீங்கள் வந்து என்ன கேட்கிறீர்கள் என்பதைக் காதில் வாங்கிக்கொண்டே உங்கள் இடது புருவம் வலதைவிட மேலே இருப்பதைக் கவனித்துக்கொண்டிருப்பார். பதினெட்டு வருடமாகப் பழைய போட்டோக்களைச் சரிசெய்கிறவருக்கு வேறெப்படிப் பார்க்க வரும்?

நான் அதே கடையில் ஃபிரேம் வெட்டுகிறவன். எல்லோரும் என்னைச் 'சட்டம்' என்று கூப்பிடுவார்கள். பெயரில்தான் சட்டம், என் பேச்சைக் கடையில் ஒருவரும் மதிப்பதில்லை. கண்ணாடி வெட்டுவது, கேன்வாஸை இழுத்து ஆணியடிப்பது, அக்கா லீவு போட்ட நாளில் கவுன்ட்டரில் உட்கார்ந்து ஆர்டர் எடுப்பது, இவ்வளவுதான் என் வேலை. அந்தக் கடைசி வேலையில்தான் வினை வந்தது.

அக்காவின் அறை மாடிப்படிக்குக் கீழே. அறை என்று சொன்னால் அறை கோபித்துக்கொள்ளும். ஒரு நாற்காலி, ஒரு மேசை, பெரிய மானிட்டர் ஒன்று, அதைச் சுற்றி அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டிய மறைப்பு. வெளிச்சம் படக்கூடாதாம். சுவருக்கு அவரே சாம்பல் நிறம் அடித்தார். மஞ்சள் சுவரைப் பார்த்துக்கொண்டே கலர் திருத்தினால் ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் நீலம் பாரித்துவிடும் என்பார். வீட்டில் அவருடைய மாமியார் ஒருவர், ப்ளஸ் டூ படிக்கிற மகன் ஒருவன், வெளியூர்க் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு மாதம் ஒருமுறை வந்துபோகிற கணவர். மூன்று பேரின் முகத்தைவிடச் செத்துப்போன முன்னூறு பேரின் முகம் தனக்கு நன்றாகத் தெரியும் என்று ஒருநாள் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் படம் மட்டும் போதாது. ஆயில் பெயின்டிங் மாதிரி வேண்டும், பென்சிலில் வரைந்த மாதிரி வேண்டும், வாட்டர் கலர் மாதிரி வேண்டும். கம்ப்யூட்டரில் ஒரு பட்டனை அமுக்கினால் வந்துவிடுகிறது. அந்தப் பட்டனை அமுக்குவதற்கு முன்னால் இருக்கிற வேலைதான் அக்காவின் வேலை. முதலாளிக்கு அது புரியவே இல்லை. ஒருதடவை அவசரத்தில் அவரே உட்கார்ந்து, மடிப்பு விழுந்த ஒரு பழைய போட்டோவைத் துடைக்காமல், பெரிதாக்காமல், நேராக ஆயில் பெயின்டிங்கில் தள்ளிவிட்டார். மடிப்புக்கோடு சரியாக அந்த அம்மாளின் மேலுதட்டுக்கு மேலே ஓடியிருந்தது. மெஷினுக்கு மடிப்பா, மயிரா என்று என்ன தெரியும். அழகாகத் தூரிகை வைத்து இழுத்து முறுக்கு மீசை வைத்து அனுப்பிவிட்டது. வாங்க வந்த மருமகன் சிரித்தார், மகள் சிரிக்கவில்லை.

அன்றைக்கு அக்கா முதலாளியிடம் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. "சார், பெயின்ட் போட்டா அழுக்கு மறையாது. அழுக்கும் சேர்ந்து பெயின்ட் ஆயிடும். கீறல் இருந்தா கயிறு ஆகும், வாட்ஸ்அப்ல கட்டம் கட்டமா உடைஞ்சிருந்தா அந்தக் கட்டமெல்லாம் கன்னத்துல அம்மைத் தழும்பாட்டம் நிக்கும். முதல்ல கீறல், அப்புறம் அந்தக் கட்டம், அப்புறம்தான் பெருசாக்கறது. பெருசாக்கினதை வீட்டுக்காரங்க கண்ணால பாத்து, ஆமா இவங்கதான்னு சொல்லணும். அதுக்கப்புறம் நீங்க என்ன பெயின்ட் வேணா அடிங்க."

கடைசியில் சொன்ன விஷயத்துக்காகவே அக்கா ஒரு சீட்டு அச்சடித்து வைத்திருந்தார். ஆர்டர் எடுக்கும்போதே கேட்டு எழுத வேண்டிய கேள்விகள். மச்சம் உண்டா, எந்தப் பக்கம்? தழும்பு? கண்ணில் ஏதாவது வித்தியாசம்? பல்? காது குத்தியது எத்தனை? இறந்துபோன மனைவியின் படத்தோடு கண் கலங்கி நிற்கிறவரிடம் "காதுல எத்தனை ஓட்டை" என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கும். அக்காவுக்குக் கூச்சமே கிடையாது. மெஷினுக்கு முகத்தைப் பெரிதாக்கத் தெரியாது, முகத்தை ஊகிக்கத்தான் தெரியும், அது பார்த்ததெல்லாம் நேர்மூக்கும் வரிசைப்பல்லும் உள்ள முகங்கள், நாம் சொல்லாவிட்டால் எல்லோரையும் அது ஒரே குடும்பமாக்கிவிடும் என்பார்.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற ஒரு அண்ணன் வந்தது அக்கா லீவு போட்டிருந்த நாளில். ஒடிசலான ஆள், காக்கிச் சட்டை, ஒரு கையில் வேன் சாவி. பிள்ளைகளை இறக்கிவிட்டு, திரும்ப ஏற்றப்போவதற்குள் கிடைத்த நேரத்தில் ஓடி வந்திருந்தார். போனில் ஒரு கல்யாணப் படத்தைக் காட்டினார். மேடையில் பதினேழு பேர். இரண்டாம் வரிசையில், ஒரு பெரியவரின் தலைப்பாகைக்குப் பக்கத்தில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என் வீட்டுக்காரி. அவ போய் எட்டு வருஷம் ஆச்சு. இவ மட்டும் தனியா, பெருசா வேணும். கைல வரைஞ்ச ஓவியம் மாதிரி."

"வேற படம் இல்லையாண்ணா? இதுல ரொம்பச் சின்னதா இருக்காங்களே."

"படம் நிறைய இருக்கு தம்பி. எல்லாத்துலயும் வாயைக் கையால மூடிட்டிருப்பா. இது ஒண்ணுலதான் சிரிச்சிருக்கா. சிரிக்கற மாதிரியேதான் வேணும். எங்க பாப்பாவுக்குப் பிறந்தநாள் வருது, அவதான் கேட்டா."

அப்போது கேட்டிருக்க வேண்டும். ஏன் வாயை மூடிக்கொள்வாள் என்று ஒரே ஒரு வார்த்தை. எனக்கு வெளியே கண்ணாடி லோடு வந்து நின்றது, ஆட்டோக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். சீட்டில் அவர் போன் நம்பரை எழுதினேன். கேள்விகளுக்கு நேரே எல்லாவற்றுக்கும் சேர்த்து மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தேன். அவ்வளவுதான்.

மறுநாள் அக்கா அந்தப் படத்தைத் திறந்ததும் பெருமூச்சு விட்டார். அசல் பிரிண்ட் வேன் அண்ணனின் கொழுந்தியாள் வீட்டு ஆல்பத்தில் இருந்ததாம். ஆல்பத்தைக் கரையான் தின்றுவிட்டது. தின்பதற்கு முன்னால் எப்போதோ அவள் பிளாஸ்டிக் உறையோடு போனில் எடுத்து, குடும்பக் குழுவில் போட்டு, அது நாலு கை மாறி வந்திருக்கிறது. அக்கா அவருக்குப் போன் போட்டு, படமாக அனுப்பாமல், அமுங்காத ஃபைலாக அனுப்பும்படி கொழுந்தியாளிடம் சொல்லச் சொன்னார். கொழுந்தியாளின் அந்தப் போனே இப்போது இல்லை.

"முகம் முப்பத்தஞ்சு பிக்சல்," என்றார் அக்கா என்னிடம். "குறுக்கால எண்ணினா முப்பத்தஞ்சு கட்டம். அதுல கண்ணு, மூக்கு, வாய், எல்லாம். வாய்க்கு எட்டே கட்டம்தான். இதுல நான் என்ன பண்ண? கேட்டியா அவர்கிட்ட? அடையாளம் ஏதாவது?"

"கேட்டேங்க்கா. ஒண்ணும் இல்லையாம்."

நான் அப்படி ஒன்றும் பெரிய பொய்யன் இல்லை. அந்த நேரத்தில் வாயில் வந்தது. வந்ததைத் திரும்ப விழுங்க முடியவில்லை.

அக்கா மூன்று நாள் அந்தப் பெண்ணோடு உட்கார்ந்தார். பிளாஸ்டிக் உறையின் பளபளப்பு கழுத்தில் வெள்ளைப் பட்டையாக விழுந்திருந்தது, அதை எடுத்தார். சிவப்பேறிப் போயிருந்த கலரைத் தணித்தார். கட்டம் கட்டமாக உடைந்திருந்ததை, முகத்தில் தோல் வழவழப்பாகிவிடாத அளவுக்குக் கொஞ்சமாகச் சமப்படுத்தினார். ஒரேயடியாக எட்டு மடங்கு பெரிதாக்காமல் இரண்டு மடங்கு, திருத்தம், மறுபடி இரண்டு மடங்கு, மறுபடி திருத்தம். முகத்தைச் சீர்படுத்துகிற ஏஐயைத் தனியாக ஓட்டி, அது தந்த முகத்தை முழுசாக எடுக்காமல் பழைய மங்கல் முகத்தோடு பாதிக்குப் பாதி கலந்தார். அதற்கு மேல் பெரிதாகப் பெரிதாகப் பழையதில் கலக்க ஒன்றும் இருக்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இருபத்து நாலு வயதுப் பெண் ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவ்வளவு அழகு.

அக்காவுக்குத் திருப்தி இல்லை. "வாய்ல எனக்கு நம்பிக்கை இல்லை. இந்தப் பல்லு மெஷினோட பல்லு. அவரை வரச் சொல்லு, இங்க பெரிய ஸ்கிரீன்ல பாக்கட்டும்."

வேன் அண்ணனால் வர முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் பரீட்சை நேரம், இரண்டு டிரிப்பும் அவர்தான். போனில் அனுப்பினோம். அக்கா அதற்குக் கீழே, நிதானமாகப் பெரிதுபண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று எழுதினார். அவர் பள்ளி வாசலில் வேனுக்குள் உட்கார்ந்து விரல் நீளப் படமாகப் பார்த்திருக்கிறார். எட்டு வருடம் கழித்து அவள் மங்காத முகத்தோடு சிரிப்பதைப் பார்க்கிற மனுஷன் பல்லை எண்ணிக்கொண்டா இருப்பார்? பதிலுக்குக் கட்டைவிரல் படமும் கைகூப்பல் படமும் வந்தன. "அதான் சொல்லிட்டாரே" என்றேன் நான். அக்கா ஆயில் பெயின்டிங் போட்டார். கேன்வாஸில் அச்சாகி வந்ததைத் தேக்கு நிற ஃபிரேமில் நான்தான் இழுத்துப் பூட்டினேன். என் கைக்கு அன்று கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

பிறந்தநாளுக்கு மறுநாள் அவர் படத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். கூடவே மகள். பதினொரு வயதிருக்கும், இரட்டைச் சடை. வந்ததிலிருந்து வாயைக் கையால் மூடிக்கொண்டே நின்றாள். மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அவர் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மேடம், நல்லாத்தான் இருக்கு. குறை சொல்ல வரலை. பாப்பாவுக்கு இப்பப் புதுப் பல்லு முளைச்சிருக்கு, தெத்துப்பல்லு. கிளாஸ்ல 'டபுள் டெக்கர்'னு கூப்பிடறாங்களாம். பள்ளிக்கூடம் போக மாட்டேன்னு ஒரே அழுகை. நான் சொல்லிட்டே இருந்தேன், உங்கம்மாவுக்கும் இப்படித்தான்டா, அதுலதான் அவ்ளோ அழகுன்னு. அப்ப அம்மா சிரிக்கற படம் காட்டுன்னா. அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன்."

அக்கா கேன்வாஸைப் பார்த்தார். பளிச்சென்று முத்துக் கோத்த மாதிரி வரிசைப்பல். பெயின்டிங் தூரிகை அதை இன்னும் மினுக்கிவிட்டிருந்தது.

"பாத்துட்டு என்ன சொன்னா?" என்று மெல்லக் கேட்டார்.

"கிட்டப் போய் அந்தப் பல்லையே பாத்துட்டிருந்தா. கொஞ்ச நேரம் கழிச்சு, 'நீ சும்மா சொன்னியாப்பா'ன்னா."

அக்கா என்னைப் பார்த்தார். அந்தச் சீட்டு மேசையிலேயே இருந்தது, நான் இழுத்த கோட்டோடு. என்னை அவர் திட்டவில்லை, இன்றுவரை திட்டவில்லை. அவர் அப்போது ஒரு வார்த்தை ஏசியிருந்தால் இந்த எரிச்சல் இன்று எனக்கு இருந்திருக்காது. ஏச்சு வாங்காத தப்பு செரிப்பதில்லை.

"நான்தான்ணா கேக்காம விட்டுட்டேன்," என்று சொன்னேன். வேன் அண்ணன் தலையாட்டினார். "நானும் சொல்லலையே தம்பி. படத்துல இருக்கும்னு நினைச்சேன்."

இருக்கும் என்றுதானே எல்லோரும் நினைக்கிறோம். போட்டோ என்றால் இருந்தது அப்படியே இருக்கும். அக்கா அவரை உள்ளே கூட்டிப்போய், முதலில் வந்த அந்தச் சின்னப் படத்தைத் திறந்து வாயை மட்டும் பெரிதாக்கிக் காட்டினார். வெளிர்சாம்பல், வெள்ளை, பழுப்பு எனச் சதுரம் சதுரமாக எட்டுக் கட்டம்.

"இதுல எங்க பல்லு மேடம்?"

"அதான்ணா. இந்த ஒரு கட்டம் மத்ததைவிடக் கொஞ்சம் வெளுப்பா இருக்கு. அது தெத்துப்பல்லா இருக்கலாம். வாட்ஸ்அப் அமுக்கினதுல வந்த கறையா இருக்கலாம். எந்த சாஃப்ட்வேர் போட்டாலும் இதுக்குள்ள இல்லாததை அது எடுத்துத் தராது. அதுவா ஒண்ணு செஞ்சுதான் தரும்."

"அப்ப நீங்க வரைய முடியாதா?"

"வரையலாம். அது கஷ்டமில்லை. எந்தப் பக்கம்?"

வேன் அண்ணன் வாயைத் திறந்தார். வலது கையைத் தூக்கித் தன் கன்னத்தருகே கொண்டுபோனார். பிறகு அந்தக் கையை இறக்கி இடது கையைத் தூக்கினார். அவள் தனக்கு எதிரே நிற்பதாக நினைத்துக்கொண்டு கண்ணை மூடினார். அட்டை மறைப்புக்குள் இருந்த மானிட்டர் வெளிச்சத்தில் அவர் மூடிய இமைகள் துடிப்பது எனக்குத் தெரிந்தது. கண்ணைத் திறந்தபோது அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"மேல் பல்லு," என்றார். "மேல் பல்லுன்னு நல்லாத் தெரியும்."

கொழுந்தியாளுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் எங்களுக்கும் கேட்டது.

"எங்கக்காவுக்கு வலது பக்கம் மாமா," என்றது அந்தக் குரல், கொஞ்சமும் யோசிக்காமல். அவர் முகம் தெளிந்தது. ஒரு நொடிதான். "இருங்க மாமா. நான் எதிர்ல நின்னு பாக்கறப்ப வலதா, அவளுக்கு வலதா? ரெண்டு பேரும் கண்ணாடி முன்னாடி நின்னுதானே தலை வாருவோம். கண்ணாடியில வலதோ? ஐயோ, தெரியலை மாமா. எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதான்மா," என்று போனை வைத்தார்.

கூடப் பிறந்தவளுக்குத் தெரியவில்லை. கூட வாழ்ந்தவருக்குத் தெரியவில்லை. மற்ற படங்களிலெல்லாம் அவளே கையை வைத்து மறைத்துவிட்டாள். அக்கா அந்தப் படங்களையும் வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். பன்னிரண்டு படம், பன்னிரண்டிலும் கை. ஒன்றில் மோதிரம்கூடத் தெளிவாகத் தெரிந்தது.

"பாப்பாவுக்கு எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே வச்சிடுங்க மேடம்," என்றார் கடைசியில்.

அக்கா உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "அண்ணா, அப்ப அது உங்க வீட்டுக்காரம்மா பல்லு இல்லை. உங்க பொண்ணோட பல்லு. நான் இவ்ளோ நாள் மெஷின் இட்டுக்கட்டறதைத்தான் அழிச்சிட்டு இருந்தேன். இப்ப நானே இட்டுக்கட்டணும்கறீங்க."

"தெரியுது மேடம். ஆனா அவளுக்குத் தெத்துப்பல் இருந்தது நிஜம். இந்தப் படத்துல இல்லாததுதான் பொய்."

இல்லாத பல்லை ஒரு பக்கமாக வைத்தால் பாதி பொய்யாகலாம். வைக்காமல் விட்டால் படியில் உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு அப்பா முழுப்பொய்யன்.

அக்கா படிக்குப் போய் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "உங்கம்மா படத்துல நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். உங்கப்பா பொய் சொல்லலை, பொய் சொன்னது என் கம்ப்யூட்டரு. சரி பண்றதுக்கு உன் பல்லை ஒரு தடவை பாக்கணும். பாக்கலாமா?"

அந்தக் கை வாயை விட்டு விலக வெகுநேரம் ஆயிற்று. விலகியது. மேல்வரிசையில், அவளுக்கு இடது பக்கம், மற்றப் பற்களின் மேல் கால் ஏறி நிற்கிற மாதிரி ஒரு சின்னப் பல். அக்கா ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

அக்கா பெயின்டிங் மேலே கை வைக்கவில்லை. தூரிகைக்கோட்டின் மேல் பல்லை ஒட்டினால் ஒட்டியது தெரியும். திருத்தி வைத்திருந்த பெயின்ட் போடாத படத்துக்குத் திரும்பிப் போய், மெஷின் கட்டிய வரிசைப்பல்லை அழித்து, அதில் அந்தப் பல்லைச் சின்னதாக, மேடை விளக்கு எந்தப் பக்கமிருந்து விழுந்ததோ அந்த நிழலோடு வரைந்தார். வேன் அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் வரைந்தார். இன்னும் கொஞ்சம் வெளியே, இன்னும் கொஞ்சம் மேலே என்று அவர் சொல்லச் சொல்ல நகர்த்தினார். பிறகுதான் மறுபடி ஆயில் பெயின்டிங். வாய்ப்பக்கம் மட்டும் தூரிகையின் பலத்தைக் குறைத்தார், இல்லாவிட்டால் அது பல்லை மறுபடி நிரவிவிடும்.

இரண்டு நாள் கழித்து, பழைய கேன்வாஸை உருவிவிட்டு அதே ஃபிரேமில் புதியதை இழுத்துப் பூட்டினேன். அந்தப் பெண் படத்துக்கு முன்னால் வந்து நின்றாள். பார்த்தாள். நாக்கால் தன் பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். "எனக்கு மாதிரியே இருக்கு," என்றாள். பிறகு சிரித்தாள், கை கீழேயே இருந்தது. நான் ஆணி தேடுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

அவள் வாசற்படி இறங்கி வேனில் போய் ஏறிக்கொண்டாள். அவர் போகவில்லை. ஃபிரேமை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப சரியா இருக்காண்ணா?" என்று அக்கா கேட்டார்.

"சரியா இருக்கு மேடம். அப்படியே அவதான்." அவர் துணியை எடுத்துப் படத்தைச் சுற்ற ஆரம்பித்தார். முகம் மூடுகிற இடம் வந்ததும் நிறுத்தினார். "இதுவரைக்கும் எந்தப் பக்கம்னு தெரியாதுன்னாவது தெரிஞ்சுது. இனிமே எனக்கும் இந்தப் பக்கம்தான் ஞாபகம் இருக்கும்."